உப்பு மோரும் பி.பி.யும்: கோத்தகிரியில் ஒரு கணக்கு, மேட்டுப்பாளையத்தில் ஒரு கணக்கு

கேள்வி: அப்பாவுக்கு 61 வயசு. கோத்தகிரி பக்கம் இருக்கோம். பி.பி.க்கு டெல்மிசார்டன் 40, ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 சேர்ந்த மாத்திரை தினமும் காலையில ஒண்ணு. வெயில் காலம் வந்தா நாளைக்கு மூணு டம்ளர் மோர், நல்லா உப்பு போட்டு. வாரத்துல ரெண்டு நாள் காய்கறி லோடோட மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவார், அன்னைக்கு இன்னும் அதிகம். "மோர்ல ப்ரோபயாடிக் இருக்கு, வெயிலுக்கு உப்பு வேணும்"னு சொல்றார். கவலைப்படணுமா?

பதில்:

மோரைக் குறைக்கத் தேவையில்லை, மூன்று டம்ளர் தாராளமாகக் குடிக்கட்டும். உப்பைத்தான் அளந்து போட வேண்டும். கோத்தகிரியில் வீட்டோடு இருக்கும் நாளில் மோருக்கு உப்பே தேவையில்லை, ருசிக்காக ஒரு சிட்டிகை போதும். மேட்டுப்பாளையம் இறங்கும் நாளில் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்த நாட்களில் நீங்கள் கவனிக்க வேண்டியது பி.பி. ஏறுவதை மட்டும் இல்லை. அவர் சாப்பிடும் மாத்திரைக்கும் அடிவாரத்து வெயிலுக்கும் சேர்ந்து பி.பி. இறங்கிவிடவும் கூடும். இரண்டையும் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் உப்பு போடாத மோர். தயிரில் இயற்கையாகவே கொஞ்சம் சோடியம் உண்டு, 100 கிராமுக்குச் சுமார் 50 மில்லிகிராம். அது பாலிலிருந்து வருவது. 100 மில்லி தயிரில் 150 மில்லி தண்ணீர் விட்டுக் கடைந்தால் ஒரு பெரிய டம்ளர் மோர் வரும். அதில் இருக்கும் சோடியம் அந்த 50 மில்லிகிராம்தான். மூன்று டம்ளர் குடித்தாலும் 150. ஒரு நாளைக்குப் பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவு 2000 மில்லிகிராம் சோடியம், அதாவது 5 கிராம் உப்பு. அதோடு ஒப்பிட்டால் வெறும் மோரின் சோடியம் பொருட்படுத்த வேண்டியதே இல்லை. இணையத்தில் தேடினால் மோரில் சோடியம் அதிகம் என்று சில பட்டியல்கள் வரும். அவை அமெரிக்காவில் கடையில் விற்கும் கெட்டியான மோரைப் பற்றியவை. அது தண்ணீர் விடாமல் புளிக்கவைத்து உப்பும் சேர்த்து விற்பது. நம் நீர்மோருக்கு அந்த எண்ணைப் போட்டுப் பார்த்து பயப்பட வேண்டாம்.

இனி கையால் போடும் உப்பு. தூள் உப்பு தலைதட்டிய ஒரு டீஸ்பூன் சுமார் 6 கிராம். ஒரு கிராம் உப்பில் 400 மில்லிகிராம் அளவுக்கு சோடியம். ஆகவே கால் டீஸ்பூன் போட்டால் 600 மில்லிகிராம். "நல்லா உப்பு போட்டு" என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலான வீடுகளில் அப்படிச் சொல்வது டம்ளருக்குக் கால் டீஸ்பூனை ஒட்டித்தான் இருக்கும். மூன்று டம்ளருக்கு 1800. சாப்பாட்டில் ஒரு கல் உப்பு கூட இல்லாமலேயே அன்றைய ஒதுக்கீடு கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. இதற்கு மேல்தான் காலை இட்லி, சாம்பார், மதியக் குழம்பு, பொரியல் எல்லாம் வருகின்றன.

இன்னொரு விதமாகவும் இதைப் பார்க்கலாம். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலில் லிட்டருக்குச் சுமார் 1700 மில்லிகிராம் சோடியம் இருக்கும். 250 மில்லி மோரில் கால் டீஸ்பூன் உப்பு போட்டால் லிட்டருக்கு 2400 ஆகிவிடுகிறது. உடம்பிலிருந்து உப்பும் நீரும் கொட்டிக்கொண்டிருக்கும் நோயாளிக்காக உண்டாக்கிய கரைசலைவிட உப்பான ஒன்றை, 24 டிகிரி குளுமையில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பி.பி. நோயாளி நாளுக்கு மூன்று தடவை குடிக்கிறார் என்று அர்த்தம். இதில் பாதி போட்டாலே மோர் ருசியாகத்தான் இருக்கும்.

கல் உப்பு போடும் வீடுகளில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. மலையில் மோர் குளிர்ந்தே இருக்கும், கல் உப்பு அதில் சட்டென்று கரையாது. முதல் வாய் சப்பென்று இருக்கும், உடனே இன்னொரு சிட்டிகை விழும். டம்ளரின் அடிக்கு வரும்போது கடைசி மடக்கு கரிக்கும். கடைசி மடக்கு கரித்தால் உப்பு கூடிப்போனது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதோடு சொம்பில் கடையும்போது அம்மா ஒரு தடவை போட்டிருப்பார், டம்ளரில் அப்பா இன்னொரு தடவை போடுவார். உங்கள் வீட்டில் இந்த இரட்டை உப்பு நடக்கிறதா என்று முதலில் பாருங்கள். நடந்தால், சொம்பில் போடும் வழக்கத்தை அடியோடு விட்டுவிடலாம்.

இந்த அளவு உப்பு பி.பி.யை எவ்வளவு ஏற்றும்? 2001இல் வெளியான டேஷ் சோடியம் ஆய்வில், வழக்கமான சாப்பாடு சாப்பிடுகிறவர்களுக்குச் சோடியத்தை மட்டும் 3300 மில்லிகிராம் அளவிலிருந்து 1500க்கு இறக்கியபோது மேல் அளவு சராசரியாக 6, 7 புள்ளி இறங்கியது. உங்கள் அப்பாவின் மூன்று டம்ளர் உப்பு ஏறக்குறைய அதே 1800 வித்தியாசம். வயது ஏற ஏற உடம்பு உப்புக்கு அதிகமாக அசையும், சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் இன்னும் அதிகம். அவர் சாப்பிடும் மாத்திரையில் உள்ள ஹைட்ரோகுளோரோதயசைடு, சிறுநீர் வழியாக உப்பை வெளியே தள்ளுவதற்காகவே சேர்க்கப்பட்டது. டெல்மிசார்டனும் உப்பு குறைந்த சாப்பாட்டோடுதான் முழுதாக வேலை செய்யும். காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு பகலெல்லாம் உப்பு மோர் குடித்தால் மாத்திரை தள்ளத் தள்ள இவர் நிரப்பிக்கொண்டே இருக்கிறார். பி.பி. அடங்கவில்லை என்று டாக்டர் மாத்திரையைக் கூட்டுவதற்கு முன் இந்தக் கணக்கை அவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

"வெயிலுக்கு உப்பு வேணும்" என்பது பொய்யான பேச்சு இல்லை, ஆனால் அது சமவெளிப் பேச்சு. வியர்வையில் லிட்டருக்கு ஒரு கிராமை ஒட்டி சோடியம் போகும், ஆளுக்கு ஆள் வெகுவாக மாறும். மதுரையிலோ ஈரோட்டிலோ மே மாத வெயிலில் மண் வெட்டுகிறவர் மணிக்கு அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று வியர்ப்பார். அவருக்கு உப்பு மோர் பொருத்தமானது. ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் உயரத்தில் அதே மே மாதம் பகல் வெப்பம் 20 முதல் 25 டிகிரி வரைதான் இருக்கும். வெயில் சுள்ளென்று தோலில் உறைக்கும், அதனால் சூடு அதிகம் என்று தோன்றும், ஆனால் காற்று குளிர்ந்தது. தோட்டத்தில் குனிந்து வேலை செய்கிறவர்களைத் தவிர மற்றவர்களின் சட்டை நனைவதில்லை. நனையாத சட்டைக்கு உப்பு ஈடுகட்ட வேண்டியதில்லை, சாப்பாட்டு உப்பே மிஞ்சும்.

படகர் ஊர்களில் உப்பு ஹப்பாவில் மாடுகளுக்கு உப்புத் தண்ணீர் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. புல்லில் சோடியம் மிகவும் குறைவு, மேய்ந்தே வாழும் மாட்டுக்கு வெளியிலிருந்து உப்பு வேண்டும். மூன்று வேளையும் உப்பு போட்டுச் சமைத்துச் சாப்பிடும் மனிதனுக்கு அந்த நிலை இல்லை.

இப்போது மண்டிக்குப் போகும் நாள். கோத்தகிரி ஏறக்குறைய 1800 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 மீட்டரை ஒட்டி. ஒன்றரை மணி நேரத்துக்குள் 1500 மீட்டர் இறங்கும்போது காற்று 10 டிகிரியோ அதற்கு மேலோ சூடாகிவிடும். மலைக்காரர் உடம்புக்கு அந்தச் சூடு பழக்கமில்லை. வெயிலுக்குப் பழகிய உடம்பு வியர்வையில் உப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், அப்படிப் பழகுவதற்குத் தொடர்ந்து 10, 14 நாள் வெயிலில் இருக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் இறங்கி ஏறுகிறவருக்கு அந்தப் பழக்கம் முழுதாக வராது. ஆகவே அதே வெயிலில் மேட்டுப்பாளையத்துக்காரரைவிட இவருடைய வியர்வையில் உப்பு கூடுதலாகப் போகும். அன்றைக்கு அப்பா சொல்வதில் உண்மை இருக்கிறது.

எவ்வளவு போகிறது என்று ஊகிக்க வேண்டாம், எடை போட்டுப் பார்க்கலாம். வீட்டில் எடை மெஷின் இருந்தால் காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, கிளம்பும் முன் எடை பார்க்கட்டும். திரும்பி வந்ததும் ஈரத்தைத் துடைத்துவிட்டு அதே மாதிரி உடுப்பில் மறுபடி பார்க்கட்டும். இடையில் என்ன சாப்பிட்டார், எவ்வளவு குடித்தார் என்பதைத் தோராயமாகக் கூட்டிக்கொள்ளுங்கள். உதாரணமாக, போகும்போது 68 கிலோ, வரும்போது 67.4. இடையில் ஒன்றரை லிட்டர் தண்ணீரும் மோரும், அரை கிலோ சாப்பாடு. உள்ளே போனது 2 கிலோ, எடையோ 0.6 குறைந்திருக்கிறது. ஆக 2.6 கிலோ வெளியே போயிருக்கிறது. அதில் மூன்று தடவை சிறுநீர் முக்கால் லிட்டர் என்றால், மீதி 1.8 லிட்டரை ஒட்டி வியர்வையும் மூச்சில் போன ஈரமும். சோடியம் ஒன்றரை கிராமை ஒட்டிப் போயிருக்கும். இது மண்டியில் வெயிலில் நின்று மூட்டை இறக்குகிற நாளின் கணக்கு. நிழலில் உட்கார்ந்து ரசீது எழுதுகிற நாளில் இதில் பாதிகூட வராது.

அந்த ஒன்றரை கிராமும் மோரில் வர வேண்டியதில்லை. ஓட்டலில் காலை இட்லி சாம்பார் சட்னி, மதியம் ஒரு முழுச் சாப்பாடு இரண்டும் சேர்ந்தால் அந்த அளவு சோடியம் வந்துவிடும், பல இடங்களில் தாண்டும். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் லோடு ஏற்றிவிட்டு, மண்டியிலும் டீயோடு நிறுத்திக்கொள்கிறவராக இருந்தால்தான் மோரில் உப்பு தேவைப்படும். அப்பாவுக்கு நான் சொல்வது இதுதான்: காலையில் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு இறங்கட்டும். மண்டியில் 10 மணிக்கு ஒரு டம்ளர் மோர், 1 மணிக்குச் சாப்பாட்டோடு ஒன்று, கிளம்பும்போது ஒன்று. டம்ளருக்கு அரை கிராம் உப்பு, அதாவது 200 மில்லிகிராம் சோடியம். மூன்றுக்கும் சேர்த்து 600. நடுநடுவே வெறும் தண்ணீர். சாப்பாட்டோடு மோர் குடிக்கும்போது ஊறுகாய், மோர் மிளகாய், அப்பளம் மூன்றையும் விட்டுவிடட்டும். ஊறுகாய் ஒரு டீஸ்பூனிலேயே 200 மில்லிகிராம் சோடியம் எளிதாக வரும். அப்பளத்தில் உப்பு போக அப்பளக்காரமும் சோடியம்தான். பெரும்பாலும் மோரின் மேல் விழும் பழி இந்த மூன்றின் மேல் விழ வேண்டியது.

இனி நான் முதலில் சொன்ன மறுபக்கம். சூட்டில் தோலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் விரியும், அதனாலேயே பி.பி. இறங்கும். குளிர் ஊரில் பார்த்து வைத்த மாத்திரை அளவு, நீரையும் உப்பையும் வெளியே தள்ளுகிற மாத்திரை, மேலே வியர்வை. மூன்றும் ஒரே பகலில் சேர்கின்றன. லாரியிலிருந்து இறங்கி எழுந்து நிற்கும்போது கண் இருட்டுவது, கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பது, காரணமில்லாத அசதி, மாலையில் தலைவலியோடு குமட்டல், சிறுநீர் அடர் மஞ்சளாகக் கொஞ்சமாகப் போவது எல்லாம் இதன் அறிகுறிகள். உப்பு கூடிவிட்டதால் பி.பி. ஏறிவிட்டது என்று நினைத்து அந்த நேரத்தில் இன்னொரு மாத்திரை போட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது ஆபத்து.

வீட்டு பி.பி. மெஷினை அன்றைக்குக் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள். மண்டியில் நிழலில் 5 நிமிடம் உட்கார்ந்த பின் ஒரு தடவை பார்க்கட்டும். பிறகு எழுந்து நின்று 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் பார்க்கட்டும். நின்றபோது மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், அல்லது தலை சுற்றினால், அந்த எண்களை எழுதிக்கொண்டு மாத்திரை கொடுத்த டாக்டரிடம் காட்ட வேண்டும். மண்டி நாளில் மாத்திரையை எப்போது போடுவது, வெயில் மாதங்களில் அளவை மாற்றுவதா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். அப்பாவே அன்றைய மாத்திரையை விட்டுவிடுவது கூடாது. தலை சுற்றினால் உடனே செய்ய வேண்டியது நிழலில் படுத்துக் காலை உயர்த்தி வைத்து, ஒரு டம்ளர் உப்பு மோரையோ ஓ.ஆர்.எஸ்.ஸையோ மெதுவாகக் குடிப்பது. குழப்பமாகப் பேசினால், மயங்கினால், உடம்பு கொதித்தால் மோரை ஊற்றிக்கொண்டு காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

உப்பை அளப்பதற்கு ஒரு சுலபமான வழி சொல்கிறேன். அரை கிராம் உப்பை விரலால் சரியாக எடுக்க யாராலும் முடியாது, இரண்டு விரல் சிட்டிகையும் மூன்று விரல் சிட்டிகையும் இரண்டு மூன்று மடங்கு வித்தியாசப்படும். அதனால் தலைதட்டிய ஒரு டீஸ்பூன் தூள் உப்பை 240 மில்லி கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்து ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். இருமல் மருந்தோடு வரும் 10 மில்லி மூடி ஒன்றை அதற்கென்று ஒதுக்குங்கள். ஒரு மூடி உப்புத் தண்ணீரில் கால் கிராம் உப்பு, 100 மில்லிகிராம் சோடியம். வீட்டில் இருக்கும் நாளில் டம்ளருக்கு ஒரு மூடி, மண்டி நாளில் இரண்டு மூடி. கரைந்த உப்பு டம்ளர் முழுக்கச் சமமாகப் பரவுவதால் குறைந்த உப்பிலேயே முதல் வாயில் ருசி தெரியும். இப்போது கால் டீஸ்பூன் போடுகிறவர் நாளைக்கே ஒரு மூடிக்கு வந்தால் "இது மோரா, கழுநீரா" என்பார். முதல் வாரம் நான்கு மூடி, அடுத்த வாரம் மூன்று என்று இறக்குங்கள். நாக்கு சில வாரத்தில் பழகிவிடும், அதன் பிறகு பழைய அளவு அவருக்கே கரிக்கும்.

உப்பு குறைந்த மோர் ருசிப்பதற்குப் புளிப்பு சரியாக இருக்க வேண்டும், மலையில் தடுமாறுவது இங்கேதான். அளவான புளிப்பு இருந்தால் கொஞ்சம் உப்பே எடுப்பாகத் தெரியும். குளிரில் அரைகுறையாகத் தோய்ந்த தயிரில் புளிப்பு ஏறாது, கடைந்தால் சப்பென்று இருக்கும், கை தானாக உப்புக்குப் போகும். தயிரைப் புளிக்கவைக்கும் கிருமிகளில் லாக்டோபேசிலஸ் பல்காரிகஸும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸும் 40 முதல் 44 டிகிரி சூட்டில்தான் சுறுசுறுப்பாக வேலை செய்யும். பாலைப் பொங்கக் காய்ச்சி, விரல் வைத்தால் சுடாமல் நன்றாக வெதுவெதுப்பாகத் தெரியும் வரை ஆறவிடுங்கள். அரை லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் உறை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உறையை அப்படியே போடாமல் அரைமணி வெளியே வைத்துப் போடுங்கள். வெந்நீர் ஊற்றிச் சூடேற்றிக் கொட்டிய ஹாட் பாக்ஸுக்குள் பாத்திரத்தை வைத்து மூடி, கம்பளியால் சுற்றி வையுங்கள். 6 முதல் 8 மணி நேரத்தில் தோய்ந்துவிடும். ஜனவரியில் இன்னும் ஒன்றிரண்டு மணி ஆகும். இரவு நடுவில் சூடு இறங்கிவிட்டால் குளிரிலும் வளரக்கூடிய வேறு கிருமிகள் முந்திக்கொள்ளும். கரண்டியில் எடுத்தால் தயிர் நூல் நூலாக இழுபடும், கோழை மாதிரி இருக்கும், புளிப்பு இருக்காது. அது விஷமில்லை, ஆனால் அதையே மறுநாள் உறையாகப் போட்டால் இழுபடுவது தொடர்ந்துகொண்டே வரும். உறையை மாற்றிவிடுங்கள். மேலே இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ படர்ந்தாலும் கசந்தாலும் கொட்டிவிட வேண்டும்.

நன்றாகத் தோய்ந்த தயிரில் இஞ்சி ஒரு துண்டு, பச்சை மிளகாய் பாதி, கறிவேப்பிலை, கொத்தமல்லி நசுக்கிப் போட்டு, வறுத்த சீரகத்தூள் தூவி, தேவைப்பட்டால் நாலு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் ஒரு மூடி உப்புத் தண்ணீர் தாராளமாகப் போதும். கடையில் விற்கும் மோர் மசாலாத் தூளும் சாட் மசாலாவும் வேண்டாம், பெரும்பாலும் உப்பும் கறுப்பு உப்பும்தான் அவற்றின் முதல் சரக்கு. மோரில் பாதிக்கு மேல் தண்ணீர் என்பதால் அந்தத் தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். மண்டியில் வாங்கிக் குடிக்கும் மோரில் ஐஸும் தண்ணீரும் எங்கிருந்து வந்தவை என்று தெரியாது. வீட்டு மோரை ஃப்ளாஸ்க்கில் கொண்டுபோவதே சரி, உப்பும் நம் அளவில் இருக்கும்.

ப்ரோபயாடிக் விஷயம். வீட்டுத் தயிரில் ஒரு கிராமுக்குக் கோடிக்கணக்கில் உயிருள்ள கிருமிகள் இருப்பது உண்மை. தண்ணீர் விட்டால் ஒரு மடக்குக்கு எண்ணிக்கை குறையும், ஆனால் 100 மில்லி தயிரில் இருந்தது முழுதும் டம்ளருக்குள்தான் இருக்கிறது. மோரில் போடும் அளவு உப்பு அவற்றைக் கொல்லாது, காக்கவும் காக்காது. ஆக "ப்ரோபயாடிக்குக்காக உப்பு மோர்" என்ற சமாதானத்துக்கு இடமில்லை, உப்பில்லா மோரிலும் அதே கிருமிகள் அப்படியே இருக்கும். தாளித்துக் கொட்டும் ஒரு ஸ்பூன் எண்ணெய்ச் சூட்டில் பெரிதாக ஒன்றும் போகாது. மோர்க்குழம்பாகக் கொதித்தால் எல்லாம் போய்விடும். கண்டிப்பாகப் பார்த்தால், எந்த வகைக் கிருமி, எவ்வளவு, எந்த நன்மை என்று சோதித்து நிறுவியதைத்தான் ப்ரோபயாடிக் என்று சொல்ல வேண்டும். வீட்டு உறையில் என்ன வகை இருக்கிறது என்பது வீட்டுக்கு வீடு மாறும்.

பி.பி.க்கு அதனால் உதவி உண்டா? புளித்த பாலில் சில கிருமிகள், குறிப்பாக லாக்டோபேசிலஸ் ஹெல்வெடிகஸ், பால் புரதத்தை உடைத்துச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கும். அவற்றில் இரண்டு, பி.பி.யை ஏற்றும் ஒரு நொதியைத் தடுக்கும். ஜப்பானிய ஆய்வுகளில் இதனால் சில புள்ளிகள் இறங்கின, ஐரோப்பாவில் செய்தவற்றில் அந்த அளவுக்கு வரவில்லை. அந்தக் கிருமியைக் குறிப்பாகச் சேர்த்துச் செய்த பாலின் கணக்கு அது. வீட்டு மோரிலிருந்து நல்லபடியாக வந்தாலும் ஓரிரண்டு புள்ளிதான் எதிர்பார்க்கலாம். மூன்று கால் டீஸ்பூன் உப்பு ஏற்றுகிற 6, 7 புள்ளியை அது ஈடுகட்டாது.

கடையில் வாங்கும் மசாலா மோரில் இரண்டு வரிகளைப் படியுங்கள். 100 மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருக்கும், 200 மில்லி பாக்கெட் என்றால் அதை இரண்டால் பெருக்குங்கள். அந்த எண்ணை 2.5ஆல் பெருக்கினால் உப்பின் எடை வரும். அடுத்து, ஃப்ரிட்ஜுக்கு வெளியே மாதக்கணக்கில் வைத்து விற்கும் அட்டைப் பெட்டி மோர் புளித்த பிறகு மறுபடி சூடாக்கப்பட்டது. அதில் உயிருள்ள கிருமி இல்லை, உப்பு மட்டும் உண்டு. சில நாட்களே கெடு இருக்கும், குளிரில் வைத்து விற்கும் பாக்கெட்டில் உயிருள்ள கிருமி இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்துப்பு போட்டால் பி.பி. ஏறாது என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். இந்துப்பும் கறுப்பு உப்பும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். மற்ற தாதுக்கள் அதில் இருக்கும் அளவு மிகச் சொற்பம். போதாக்குறைக்கு அவற்றில் பல அயோடின் சேர்க்காதவை. உண்மையிலேயே சோடியம் குறைந்தது, பொட்டாசியம் குளோரைடு கலந்து "லோ சோடியம்" என்று விற்கும் உப்பு. சீனாவில் செய்து 2021இல் வெளியான பெரிய ஆய்வில் அந்த வகை உப்பு பக்கவாதத்தைக் குறைத்தது. ஆனால் அதை உங்கள் அப்பாவுக்கு நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். டெல்மிசார்டன் உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கும், சிறுநீரகம் கொஞ்சம் மந்தமாக இருந்தால் இந்த உப்பும் சேர்ந்து ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும். லோசார்டன், ராமிப்ரில், எனலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. இதயம் பலவீனமாகிக் கால் வீங்குகிறவர்கள், சிறுநீரக நோயாளிகள் ஆகியோருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் என்று டாக்டர் கட்டுப்பாடு போட்டிருப்பார், மோரும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

ஏப்ரலில் வெயில் ஏறுவதற்கு முன் அப்பாவுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்: சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் மூன்றும். ஹைட்ரோகுளோரோதயசைடு சாப்பிடுகிறவர்களில், அதுவும் வயதானவர்களில், சிலருக்கு ரத்தத்தில் சோடியம் ஏற்கெனவே குறைவாக இருக்கும். 135க்குக் கீழே வந்தால் நான் மேலே சொன்ன உப்புக் குறைப்பைத் தொடங்க வேண்டாம், முதலில் அந்தச் சீட்டை டாக்டரிடம் காட்டுங்கள். சரியாக இருந்தால் உப்பைக் குறைத்த முதல் வாரமும் நான்காம் வாரமும், காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு தடவையும் இரவு படுக்கும் முன் இரண்டு தடவையும் பி.பி. பார்த்து எழுதிவையுங்கள். மண்டி நாட்களைத் தனியாகக் குறித்துவைத்தால், மாத்திரை அளவைப் பற்றி டாக்டர் முடிவெடுக்க அந்தத் தாள் ஒன்றே போதும்.